வளையல் கைக்கு ஒரு வாழ்த்து

வளைகாப்பு வீட்டில் மனையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் காதில் அன்று காலையிலிருந்து மாலைவரை விழும் வாழ்த்துகளைக் கவனித்துக் கேளுங்கள். முக்கால்வாசி வாழ்த்துகள் ஒரே ஒரு நாளைப் பற்றியே இருக்கும், இன்னும் வராத அந்தப் பிரசவ நாளைப் பற்றி. "சுகப்பிரசவம் ஆகணும்", "நல்லபடியா பெத்துப் பிழைச்சு வா", "தாயும் சேயும் தனித்தனியா நல்லா இருக்கணும்." சொல்பவர்கள் எல்லோரும் அன்போடுதான் சொல்கிறார்கள். பெரியவர்கள் வாயிலிருந்து வரும்போது அது தலைமுறை தலைமுறையாக வந்த ஆசி. அதற்கென்று ஓர் இடம் உண்டு, அதைத் திருத்தப் போக வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சொற்கள் பிறந்த காலம் வேறு. பிரசவத்துக்குப் போன பெண் திரும்பி வருவது நிச்சயமில்லாமல் இருந்த காலத்தில், "பிழைச்சு வா" என்பதுதான் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய வாழ்த்தாக இருந்தது. இன்றைக்கு அதைக் கேட்கும் பெண்ணுக்கோ "பிழைக்காமல் போகவும் கூடுமோ" என்ற எண்ணத்தை அந்தச் சொல்தான் முதலில் எழுப்புகிறது.

அந்த ஆசியைச் சொல்ல அத்தை, பாட்டி, பெரியம்மா என்று ஐம்பது பேர் இருக்கிறார்கள். தோழியாகிய நீங்கள் ஐம்பத்தோராவது ஆளாக அதையே திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. உங்களால் மட்டுமே சொல்ல முடிந்த ஒன்று இருக்கிறது. அதை எப்படிக் கண்டுபிடிப்பது, எந்தச் சொற்களில் எழுதுவது, எப்போது அவள் கையில் சேர்ப்பது என்பதுதான் இந்த அத்தியாயம்.

இரண்டு காலங்கள்

பிரசவத்தைத் தொடாமல் வாழ்த்த ஒரே வழி, வாழ்த்தை எந்தக் காலத்தில் நிறுத்துவது என்று முதலிலேயே முடிவு செய்வது. உங்களுக்கு இரண்டு காலங்கள் உண்டு. ஒன்று, அவள் இப்போது இருக்கும் காலம்: வளையல், சந்தனம், கலவை சாதம், அம்மா வீடு, வயிற்றுக்குள் அசையும் குழந்தை. இன்னொன்று, குழந்தை கையில் வந்து சில மாதங்கள் ஆன பிறகு வரும் காலம்: குப்புற விழுவது, தவழ்வது, கைதட்டுவது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒரு நாளை வாழ்த்து அப்படியே தாண்டிப் போய்விட வேண்டும். இப்படித் தாண்டுவது அவளை ஏமாற்றுவது ஆகாது. அந்த நாளைப் பற்றிப் பேச அவளுக்கு மருத்துவர் இருக்கிறார், அம்மா இருக்கிறாள். நீங்கள் எழுதும் நாலு வரியில் அதற்கு வேலை இல்லை.

இப்படித் தாண்டுவது தமிழுக்குப் புதிதும் அல்ல. நம் மொழியில் குழந்தையைக் கொண்டாடுவதற்கென்றே ஓர் இலக்கிய வகை இருக்கிறது, பிள்ளைத்தமிழ். குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் அதில் பலரும் அறிந்தது. குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரித்துப் பாடும் அந்த வகை, பிறப்பிலிருந்து தொடங்குவதில்லை. முதல் பருவமான காப்பு, மூன்றாம் மாதத்துக்கு உரியது. பொதுவாகச் சொல்லப்படும் கணக்குப்படி ஐந்தாம் மாதம் செங்கீரை: குழந்தை ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் பருவம். ஏழாம் மாதம் தால், அதாவது தாலாட்டு. ஒன்பதாம் மாதம் சப்பாணி, இரண்டு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது. பதினோராம் மாதம் முத்தம், பதின்மூன்றாம் மாதம் வருகை, பதினைந்தாம் மாதம் அம்புலி, நிலாவை விளையாட அழைப்பது. வளைகாப்புக்கு ஒற்றைப்படை மாதம் பார்க்கும் நமக்கு, இந்தப் பருவங்களும் ஒற்றைப்படை மாதங்களிலேயே நடப்பது பிடித்துப்போகும்.

வாழ்த்து எழுதுகிறவருக்கு இது கைக்கு உதவும் கணக்கு. தோழியின் வளைகாப்பு எந்தத் தமிழ் மாதத்தில் நடக்கிறது என்று பாருங்கள். ஏழாம் மாத வளைகாப்பு ஆவணியில் என்றால், குழந்தை கார்த்திகை வாக்கில் வரும். அப்படியானால் அடுத்த சித்திரையில் செங்கீரை ஆடும், அடுத்த ஆவணியில் சப்பாணி கொட்டும், தவழும். ஆவணியில் வரும் பண்டிகை எது? கோகுலாஷ்டமி. மாவில் பிஞ்சுப் பாதங்கள் வரையும் நாள். இதோ, உங்கள் வாழ்த்துக்கு ஒரு காட்சி கிடைத்துவிட்டது. தை மாதத்தில் வளைகாப்பு என்றால், அடுத்த பொங்கலுக்குத் தவழும் குழந்தை பானைப் பக்கம் போகாமல் யாராவது பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். அவள் வீட்டில் கிறிஸ்துமஸோ ரமலானோ கொண்டாடுவார்கள் என்றால் அந்த நாளை எண்ணிப் பாருங்கள். வளையல் போட்டு வாழ்த்தும் வழக்கம் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளிலும் இஸ்லாமிய வீடுகளிலும் பல ஊர்களில் இருக்கிறது.

ஆனால் இந்தக் கணக்கு உங்கள் தாளிலேயே இருக்கட்டும். அவளுக்கு எழுதும்போது தேதியையோ, "இன்னும் எழுபது நாள்தான்" என்ற எண்ணிக்கையையோ கொடுக்காதீர்கள். நாள் குறித்துவிட்டால் அது மறுபடி அந்த நாளுக்கே அவளைக் கொண்டுபோய் விடும். பண்டிகையின் பெயர் போதும்.

உள்ளே கேட்டுக்கொண்டிருப்பவர்

இப்போது இருக்கும் காலத்தைப் பற்றி எழுத விரும்புகிறவர்களுக்கு மிக நல்ல பொருள், குழந்தையின் காது. ஏழாம் மாதத்தில் கருவிலிருக்கும் குழந்தைக்கு ஒலி கேட்கத் தொடங்கியிருக்கும். வெளியில் நாம் பேசுவது அதற்கு மங்கலாகத்தான் எட்டும். அம்மாவின் குரலோ காற்று வழியாக மட்டும் இல்லாமல் அவள் உடம்பு வழியாகவும் உள்ளே போவதால், மற்ற எல்லாக் குரலையும்விட நன்றாகக் கேட்கும். அமெரிக்காவின் வட கரோலினாவில் ஆந்தனி டிகாஸ்பர், மெலானி ஸ்பென்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. கர்ப்பத்தின் கடைசி ஆறு வாரங்களில் தாய்மார்கள் ஒரே கதையைத் தினமும் உரக்கப் படித்தார்கள். பிறந்து சில நாளே ஆன குழந்தைகளுக்கு அந்தக் கதையையும், கேட்டிராத இன்னொரு கதையையும் ஒலிக்கவிட்டார்கள். குழந்தை சப்பும் வேகத்துக்கு ஏற்பக் கதை மாறும்படி ஒரு சூப்பானை இணைத்திருந்தார்கள். குழந்தைகள் பழகிய கதையைக் கேட்பதற்கு ஏற்றபடி சப்பும் விதத்தை மாற்றிக்கொண்டன.

இதை அப்படியே வாழ்த்தில் எழுதினால் பாடப் புத்தகம் ஆகிவிடும். அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: உங்கள் தோழி சமையலறையில் முணுமுணுக்கும் பாட்டு, தொலைபேசியில் சிரிக்கும் சிரிப்பு, வகுப்பில் பாடம் எடுக்கும் குரல் எல்லாம் இப்போதே ஓர் ஆளுக்குப் பழகிக்கொண்டிருக்கின்றன. "பாப்பாவுக்கு உன் குரல் ஏற்கெனவே தெரியும்" என்ற ஒரு வரியில் நம்பிக்கை இருக்கிறது, பொய் இல்லை. எந்த அச்சத்தையும் அது தட்டி எழுப்பாது. வளையல் போடுவதே அந்தச் சத்தம் குழந்தைக்குக் கேட்கட்டும் என்றுதான் என நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். ஆகவே அன்றைய சடங்கோடும் இந்த வரி ஒட்டிக்கொள்ளும்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். குழந்தை கேட்கிறது என்று சொல்லலாம். "இன்னிக்கு உதைச்சுதா? எத்தனை தடவை அசைஞ்சுது?" என்று கேட்கக் கூடாது. நீங்கள் சும்மா கேட்டுவிட்டுப் போய்விடுவீர்கள். அவள் அன்றிரவு படுத்துக்கொண்டு, காலையிலிருந்து எத்தனை முறை அசைந்தது என்று எண்ணத் தொடங்கிவிடுவாள். அசைவைக் கவனிக்கச் சொல்வது மருத்துவர் வேலை.

ஒரு வாழ்த்தை எழுதிப் பார்ப்போம்

இப்படி ஒரு நிலைமையை வைத்துக்கொள்வோம். தோழி கல்லூரி விடுதியில் உங்களோடு ஒரே அறையில் இருந்தவள், இப்போது கும்பகோணத்தில் பள்ளி ஆசிரியை. முதல் குழந்தை. ஆவணியில் ஏழாம் மாத வளைகாப்பு. அன்று மாலையே மயிலாடுதுறையில் இருக்கும் அம்மா வீட்டுக்கு அழைத்துப்போகிறார்கள். நீங்கள் பெங்களூரில் இருக்கிறீர்கள், விடுப்பு கிடைக்கவில்லை. கைபேசியில் வாழ்த்து அனுப்ப வேண்டும். கைக்கு வந்தபடி எழுதினால் பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

"ஹேய், வளைகாப்பு வாழ்த்துகள் டீ! பயப்படாதே, தைரியமா இரு. எல்லாம் சுகப்பிரசவமா முடியும். சிங்கக்குட்டி மாதிரி ஒரு பையனைப் பெத்துக் குடு. இப்பவே நல்லாத் தூங்கிக்கோ, அப்புறம் தூக்கமே கிடையாது!"

இதில் அன்பு இல்லாத வரி ஒன்றுகூட இல்லை. ஆனாலும் ஒவ்வொரு வரியையும் அவள் இடத்தில் இருந்து படியுங்கள். "பயப்படாதே" என்பது, பயப்பட ஏதோ இருக்கிறது என்று சொல்லிவிடுகிறது. "தைரியமா இரு" என்பதும் அதே வேலையைச் செய்கிறது. இவை இரண்டும்தான் எல்லோரும் எழுதுவது, எழுதியவருக்குத் தவறே தெரியாததும் இவைதான். "சுகப்பிரசவம்" என்பதைத் தமிழ்நாட்டில் பலரும் அறுவை இல்லாத பிரசவம் என்றே புரிந்துகொள்கிறார்கள். அவளுக்கு ஏற்கெனவே மருத்துவர் சிசேரியனாக இருக்கலாம் என்று சொல்லியிருந்தால், உங்கள் வாழ்த்து அவள் தோற்கப்போகும் தேர்வு போல ஆகிவிடும். அடுத்தது "பையன்". கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதையே 1994இல் வந்த சட்டம் தடுக்கிறது. அந்த வீட்டில் ஏற்கெனவே "பேரன்தான்" என்று நாலு பேர் சொல்லியிருப்பார்கள். நீங்களும் அந்தப் பக்கம் சேர்ந்தால், பெண் குழந்தை பிறந்தால் யாரிடம் மனம் விட்டு மகிழ்வது என்று அவளுக்குத் தெரியாமல் போகும். பெண் குழந்தைதான் வேண்டும் என்று எழுதுவதிலும் இதே சுமைதான். கடைசியில் தூக்கம் பற்றிய விளையாட்டு வரி. வயிறு பெருத்து, எந்தப் பக்கம் படுப்பது என்று தெரியாமல் இப்போதே சரியாகத் தூங்காதவளிடம் அதைச் சொல்வதால் யாருக்கும் சிரிப்பு வராது.

இந்த ஐந்தையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது "வளைகாப்பு வாழ்த்துகள்" மட்டும். இங்கேதான் பலர் கடையில் விற்கும் அட்டையின் பாட்டை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி: அவளைப் பற்றி எனக்கு மட்டும் தெரிந்தது என்ன? இதற்குக் குணம் எழுத வேண்டாம். "நீ ரொம்ப அன்பானவள், நல்ல அம்மாவா இருப்பே" என்பது யாருக்கும் பொருந்தும். அதிலும் "நல்ல அம்மா" என்பதே ஒரு பரீட்சை. அவள் செய்யும் ஒரு காரியத்தை எழுதுங்கள். விடுதியில் துணி மடிக்கும்போது ஒரு சினிமாப் பாட்டின் முதல் இரண்டு வரியை மட்டும் முணுமுணுப்பாள், மூன்றாவது வரி அவளுக்கு எப்போதும் வராது என்று நினைவு வருகிறது. அது போதும், அதைவிட நல்லது கிடைக்காது.

இரண்டாவது: மேலே சொன்ன கணக்கில் எந்தக் காட்சி கிடைக்கிறது? ஆவணி, கோகுலாஷ்டமி, மாவுப் பாதம், தவழும் குழந்தை.

மூன்றாவது: நான் என்ன செய்வேன்? ஒரு சிறிய, நிறைவேற்றக்கூடிய வாக்குறுதி. "எது வேணும்னாலும் கேளு" என்று எழுதினால் யாரும் எதையும் கேட்பதில்லை. "கோலத்தைத் திருப்பிப் போட்டுத் தரேன்" என்று எழுதினால் அடுத்த ஆவணியில் நீங்கள் அந்த வீட்டு வாசலில் நிற்பீர்கள் என்று அவளுக்குத் தெரியும்.

இப்போது எழுதிப் பார்க்கலாம்:

"ஏய், கை நிறைய வளையலோட உன் போட்டோ வந்துது. ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தேன். ஹாஸ்டல்ல துணி மடிக்கும்போது ஒரு பாட்டோட முதல் ரெண்டு வரியை மட்டும் பாடிக்கிட்டே இருப்பியே, அது இந்நேரம் உள்ள இருக்கற ஆளுக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். மூணாவது வரியை இப்பவாவது கத்துக்கோ. அடுத்த கோகுலாஷ்டமிக்கு நீ வாசல்லேர்ந்து மாவுப் பாதம் வரைஞ்சுக்கிட்டே உள்ள போவே, பின்னாடியே ஒருத்தர் தவழ்ந்து வந்து எல்லாத்தையும் அழிச்சுக்கிட்டே வருவாங்க. நான் அங்க இருப்பேன், திருப்பிப் போட்டுத் தரேன். இப்போதைக்கு அம்மா கையால நல்லாச் சாப்பிடு. பதில் போட வேண்டாம், ரெஸ்ட் எடு."

இதில் பிரசவம் எங்கேயும் இல்லை. இல்லை என்பதையும் அவள் கவனிக்க மாட்டாள். "ஒருத்தர்", "உள்ள இருக்கற ஆள்" என்று வந்ததால் ஆணா பெண்ணா என்ற பேச்சும் எழவில்லை. பாப்பா, குட்டி, ஒருத்தர், செல்லம் என்று தமிழில் இதற்குச் சொற்கள் தாராளமாக இருக்கின்றன. "மூணாவது வரியை இப்பவாவது கத்துக்கோ" என்ற கிண்டல் எனக்குப் பிடித்த இடம். அன்று முழுதும் எல்லோரும் அவளைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி நடத்தியிருப்பார்கள். அந்த ஒரு வரியில் அவள் பழைய தோழியாக ஆகிவிடுகிறாள். இப்படிக் கிண்டல் செய்யலாம், ஆனால் அவள் உடம்பைத் தொடாமல். எடை, முகம், வயிறு, நடை எதுவும் வேண்டாம்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்து பாருங்கள். தோழியின் பெயரை எடுத்துவிட்டு, உங்களுக்குத் தெரிந்த வேறு ஒரு கர்ப்பிணிக்கு இதை அனுப்ப முடியுமா? முடியுமென்றால் முதல் கேள்விக்கு நீங்கள் இன்னும் விடை கண்டுபிடிக்கவில்லை.

நேரில் போகும்போது

நலங்கு வைக்கும்போது உங்களுக்குக் கிடைப்பது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. கன்னத்திலும் கையிலும் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பன்னீர் தெளித்து, வளையல் போட்டு, அட்சதை போட்டு நகர வேண்டும். பின்னால் வரிசை நிற்கும், எதிரே வீடியோக்காரர் நிற்பார். அங்கே நீண்ட வாழ்த்துக்கு இடமில்லை. வளையல் போடக் குனியும்போது காதருகில் ஒரு வரி சொல்லுங்கள். "புளியோதரையில உனக்கு ஒரு டப்பா தனியா எடுத்து வெச்சுட்டேன்" என்பதுகூட அந்த நேரத்துக்கு அழகான வாழ்த்துதான். காலையிலிருந்து உட்கார்ந்திருப்பவளுக்கு அதன் அருமை தெரியும். சிரித்துவிடுவாள், உங்கள் வேலை முடிந்தது.

வளையலில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கர்ப்ப காலத்தில் கை சற்றுப் பூரித்திருக்கும். கடையில் வளையல் அளவு இரண்டு-நாலு, இரண்டு-ஆறு, இரண்டு-எட்டு என்று போகும். அவள் வழக்கமாகப் போடுவது இரண்டு-நாலு என்றால் இரண்டு-ஆறு வாங்குங்கள். சின்ன வளையல் கையில் நுழையாமல் நிற்கும்போதுதான் "கை எப்படி வீங்கிக் கிடக்கு பாரு" என்ற பேச்சு கூட்டத்தில் எழுகிறது. பிறகு ஆளாளுக்கு மருத்துவம் சொல்வார்கள். ஓர் அளவு பெரிதாக வாங்கினால் அந்தப் பேச்சே வராது. கண்ணாடி வளையல் உடைந்துவிட்டாலும் ஒன்றும் சொல்லாமல் துண்டுகளை எடுத்து ஓரம் வைத்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள். அங்கே முகம் சுளித்தால் அவள் அதைச் சகுனமாக எடுத்துக்கொள்வாள்.

யாராவது உங்களிடம் "நாலு வார்த்தை பேசும்மா" என்று மைக்கைக் கொடுத்தால், கூடத்தில் இருக்கும் மற்றவர்களையும் மனத்தில் வையுங்கள். குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்கள் அங்கே இருப்பார்கள். அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து வளையல் போட்டு விடுவதும் நம் வழக்கம்தான். "ஒரு பெண் முழுமை அடைவதே தாயாகும்போதுதான்" என்ற வகைப் பேச்சு மேடைக்கு எடுப்பாக இருக்கும், கீழே ஒருத்தியைத் தலை குனிய வைக்கும். தோழியைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

முன்பு ஒன்றை இழந்தவளுக்கு

கரு கலைந்த அனுபவமோ அதற்கும் மேற்பட்ட இழப்போ உள்ள தோழிக்கு, மேலே சொன்ன எதிர்காலக் காட்சியை எழுதாதீர்கள். மற்றவர்களுக்கு நம்பிக்கை தரும் அந்தப் படம் அவளுக்கு நெஞ்சை அடைக்கும். அவள் ஒவ்வொரு நாளாகக் கடந்துகொண்டிருக்கிறாள். நாமும் அந்த ஒரு நாளிலேயே நிற்க வேண்டும். "இந்தக் குழந்தையாவது", "இந்தத் தடவையாவது" என்பவற்றில் இருக்கும் "ஆவது" முன்னால் போனதைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிடும். "இத்தனை வருஷம் கழிச்சு" என்பதும் வேண்டாம். நீண்ட சிகிச்சைக்குப் பிறகு கருவுற்றவர்களுக்கும் இது பொருந்தும். அவளுக்கு எழுதுவது இப்படி இருக்கலாம்:

"இன்னிக்கு உன் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டது சந்தோஷமா இருந்துது. நீ கையை அசைக்கும்போதெல்லாம் வளையல் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துது, வீட்டுக்கு வந்த பிறகும் காதுல இருக்கு. வியாழக்கிழமை சாயங்காலம் வரேன். மாடியில கொஞ்ச நேரம் உட்காரலாம். பேசினாலும் சரி, பேசாட்டியும் சரி."

இதில் நம்பிக்கை எங்கே என்று கேட்கலாம். வியாழக்கிழமையில் இருக்கிறது. நாலு நாள் தள்ளி ஒரு சாதாரண மாலை இருவருக்கும் இருக்கிறது என்று சொல்லும் அளவு நம்பிக்கையைத்தான் அவளால் இப்போது வாங்கிக்கொள்ள முடியும். சொன்னபடி வியாழக்கிழமை போய்விடுங்கள்.

இன்னும் சில நிலைமைகள் சுலபமானவை. பல குடும்பங்களில் இரண்டாவது கர்ப்பத்துக்கு வளைகாப்பு செய்வதில்லை. அந்தத் தோழிக்கு ஒரு டஜன் வளையலும் நாலு வரியும் அனுப்பினால் முதல் தடவையைவிட அதிகமாக மகிழ்வாள். வாழ்த்தில் மூத்த குழந்தையின் பெயர் இருக்கட்டும். அலுவலகத் தோழியாக இருந்து "நீங்க, வாங்க" என்று பழகுகிறீர்கள் என்றால் வாழ்த்துக்காக "நீ"க்கு இறங்க வேண்டாம். "உங்க சீட்டு ஜன்னல் பக்கம் வெயில் இல்லாம இருக்கட்டும்னு திரை மாத்தச் சொல்லியிருக்கோம்" என்பது போல அலுவலகத்தோடு நிற்கும் வரியே அங்கே இதமாக இருக்கும். ஆண் நண்பர் எழுதுவதானாலும் இதே முறைதான். வயிறு, உடம்பு பற்றிய வரிகளை விட்டுவிட்டு, பழைய நட்பின் ஒரு நிகழ்ச்சியில் தொடங்கினால் சங்கடமில்லை.

அவளே தன் பயத்தை எடுத்துச் சொன்னால் என்ன செய்வது? அப்போது இந்த அத்தியாயத்தின் விதிகள் எல்லாம் நின்றுவிடும். வாழ்த்து வேறு, பேச்சு வேறு. "அதெல்லாம் பேசக் கூடாது, நல்லதையே நினை" என்று வாயை அடைக்காமல் முழுதும் கேளுங்கள். மற்றவர்களுடைய பிரசவக் கதைகளைச் சொல்லாதீர்கள், நல்லபடியாக முடிந்த கதைகளைக்கூட. உடம்பில் ஏதாவது மாற்றம் என்று அவள் சொன்னால், ஆறுதல் சொல்வதற்கு முன்னால் மருத்துவரை அழைக்கச் சொல்லுங்கள்.

எப்போது அனுப்புவது

வளைகாப்பு அன்று காலை அனுப்பும் செய்தி, நூறு செய்திகளுக்கு அடியில் போய்விடும். அன்று அவள் கையில் கைபேசியே இருக்காது. கை முழுக்கச் சந்தனமும் வளையலும்தான் இருக்கும். என்னைக் கேட்டால் மறுநாள் காலை பத்து மணி வாக்கில் அனுப்பச் சொல்வேன். முதல் நாள் மாலை அம்மா வீட்டுக்கு வந்து, களைப்பில் தூங்கி, தன் பழைய அறையில் எழுந்திருப்பாள். கூட்டம் கலைந்திருக்கும், கணவர் ஊருக்குத் திரும்பியிருப்பார், செய்ய வேலை எதுவும் இருக்காது. நிதானமாகப் படிக்க அவளுக்கு நேரம் இருப்பது அப்போதுதான்.

அட்டையில் கையால் எழுதுவதானால் ஆறு ஏழு வரிக்கு மேல் வேண்டாம். முதல் நாளே எழுதி, பரிசோடு சேர்த்துக் கட்டாமல் அவள் அம்மாவிடம் தனியாகக் கொடுத்துவிடுங்கள். பரிசுப் பொட்டலங்கள் கணவர் வீட்டிலேயே தங்கிவிடுவதும் உண்டு. குரல் பதிவு அனுப்பலாம் என்றால் ஒரு நிமிடத்துக்குள் முடியுங்கள், பின்னால் தொலைக்காட்சி ஓடாத இடமாகப் பாருங்கள். அதை அவள் பலமுறை போட்டுக் கேட்பாள்.

அனுப்பிய பிறகு நீல நிற டிக் வந்தும் பதில் வராவிட்டால் மறுபடி கேட்காதீர்கள். வாரத்துக்கு ஒரு முறை, பதில் தேவைப்படாத சின்னச் செய்தி ஒன்று போதும்: நீங்கள் அன்று பார்த்த ஒரு மழை, பழைய வகுப்புத் தோழி ஒருத்தி சொன்ன விசேஷம், விடுதிச் சமையல்கார அக்கா இன்னும் அதே உப்புமா கிண்டுகிறார் என்ற தகவல். அவற்றில் "என்ன ஆச்சு, ஏதாவது விசேஷம் உண்டா?" என்ற கேள்வி மட்டும் இருக்க வேண்டாம். கடைசி வாரங்களில் அவளுக்கு அந்தக் கேள்வி தினமும் பத்துப் பேரிடமிருந்து வரும்.